மாலை மாற்றாமல் வாழ்த்துங்கள்

கேள்வி: என் தோழிக்கு 27 வயது. அடுத்த மாதம் காதலரோடு ஒரே வீட்டில் குடியேறுகிறாள். அம்மா பேசுவதில்லை, சித்தப்பா போலீசுக்குப் போவேன் என்கிறார். பயந்து அழுகிறாள். காதலருக்கு முதல் மனைவியோடு பரஸ்பர விவாகரத்து நடக்கிறது, மனு போட்டு இரண்டு மாதம் ஆகிறது. எல்லோரும் இந்துக்கள். குடிபோகும் அன்று நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து, இருவரையும் மாலை மாற்ற வைத்து வாழ்த்தலாம் என்றிருக்கிறோம். சட்டப்படி ஏதாவது சிக்கல் வருமா?

பதில்: சித்தப்பாவை விடுங்கள். திருமணமாகாமல் சேர்ந்து வாழ்வது குற்றமல்ல என்று 2010-லேயே குஷ்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'பெண்ணைக் காணோம்' என்று புகார் வந்தால், வயதுச் சான்றோடு போய், தன் விருப்பத்தில்தான் வந்தேன் என்று எழுதிக் கொடுத்தால் போதும். வீட்டு நகை எதையும் எடுத்து வர வேண்டாம். அதுதான் திருட்டுப் புகாராகத் திரும்பும்.

எனக்குக் கவலை உங்கள் மாலைதான். தமிழ்நாட்டில் இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவுப்படி, உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ அதுவே திருமணம். ஐயர் வேண்டாம், அக்கினி வேண்டாம். காதலருடைய முதல் திருமணமோ விவாகரத்துத் தீர்ப்பு வரும்வரை உயிரோடுதான் இருக்கிறது. ஆக, நீங்கள் விளையாட்டாக நடத்துவது இருதார மணம் ஆகலாம். பாரதிய நியாய சன்ஹிதா 82-ன்படி ஏழு ஆண்டு வரை சிறை. சும்மா சேர்ந்து வாழ்ந்தால் அந்தப் பிரிவு எட்டிக்கூடப் பார்க்காது. சடங்கு நடந்தால்தான் வரும். அந்தச் சடங்குக்குச் சாட்சியாக, மாலையும் கழுத்துமாக எடுத்த போட்டோவை 'இனிய மணவாழ்க்கை' என்று ஸ்டேட்டஸில் வைப்பவர்கள் நண்பர்கள்தான். மனைவி தரப்பு புகாரில், உடந்தை என்று உங்கள் பெயர்களும் வரிசையாக ஏறும்.

மாலை இல்லாவிட்டாலும் இன்னொரு இடி இருக்கிறது. பரஸ்பர விவாகரத்தில் இருவரும் சேர்ந்து மனு போடும் முதல் மோஷனுக்கும், சம்மதத்தை மறுபடி உறுதி செய்யும் இரண்டாவதுக்கும் நடுவே ஆறு மாத இடைவெளி. அதற்குள் மனைவி சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், யாரும் தடுக்க முடியாது. கணவர் வேறு பெண்ணோடு குடியேறினார் என்று தெரிந்த வாரத்திலேயே ஜீவனாம்சத் தொகை ஏறும், அல்லது சம்மதமே போய்விடும். பிறகு வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அத்தனை காலமும் உங்கள் தோழிக்கு மனைவி என்ற உரிமை கிடையாது. கோவையிலிருந்து போன வேலுசாமி வழக்கில், மணமுடிக்கத் தகுதியுள்ளவர்கள் சேர்ந்து வாழ்ந்தால்தான் குடும்ப வன்முறைச் சட்டப் பாதுகாப்பு என்று உச்ச நீதிமன்றம் வரையறுத்துவிட்டது. அவர் விட்டுப் போனால் ஜீவனாம்சம் கேட்டு நிற்க இடமிருக்காது.

அதனால் அவரிடம் சொல்லச் சொல்லுங்கள்: பேரம் பேசாமல் மனைவி கேட்கும் நியாயமான தொகையை ஒப்புக்கொண்டு சமரச மையத்தில் கையெழுத்துப் போடட்டும். இருவரும் பிரிந்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் ஆறு மாத இடைவெளியைத் தளர்த்தக் கேட்டு மனு போடலாம். தீர்ப்பின் சான்றிட்ட நகல் கைக்கு வந்த பிறகு வீடு மாறட்டும். வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும்.

வாழ்த்து அட்டை எழுதுங்கள், கேக் வெட்டுங்கள். 'புது வீட்டுக்கு வாழ்த்து' என்று எழுதினால் போதும்.