கேட்காமலே வரும் பாஸ்வேர்டு மெயில்

கேள்வி: குமுளியில் ஏலக்காய், மிளகுக் கடை வைத்திருக்கிறேன். பாதி வியாபாரம் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஆர்டர் எடுத்து, தேனி, மதுரைப் பக்கம் பார்சல் அனுப்புவதுதான். சில வாரங்களாக 'பாஸ்வேர்டை மாற்ற இங்கே தொடவும்' என்று இன்ஸ்டாகிராமிலிருந்து மெயில் வந்துகொண்டே இருக்கிறது. நான் கேட்கவே இல்லை. பயந்துபோய் பாஸ்வேர்டை மாற்றினேன், அப்புறமும் வருகிறது. பக்கம் வேறு யார் கைக்காவது போய்விட்டதா? பக்கத்தை ஆரம்பித்தபோது இருந்த கேரள சிம்மை ரீசார்ஜ் பண்ணாமல் விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது கம்பத்தில் வாங்கிய சிம்தான்.

பதில்: இந்த மெயிலை மட்டும் வைத்துப் பார்த்தால் பக்கம் யார் கைக்கும் போகவில்லை. யாரோ ஒருவர் இன்ஸ்டாகிராமின் லாகின் திரையில் உங்கள் யூசர்நேமையோ, மெயில் முகவரியையோ, போன் நம்பரையோ அடித்து Forgot password? என்பதைத் தொட்டிருக்கிறார். அதற்கு உங்கள் பாஸ்வேர்டு தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. வாசல் மணியை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்கிற மாதிரிதான். பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் மெயில் வருவதற்குக் காரணம் அதுதான். பூட்டை மாற்றினால் மணிச் சத்தம் நிற்காது. மெயிலில் இருக்கும் லிங்க் உங்கள் பெட்டிக்கு மட்டும் வருகிறது. நீங்கள் தொடாதவரை பழைய பாஸ்வேர்டே செல்லும்.

முதலில் மெயில் நிஜமா போலியா என்று பாருங்கள். உண்மையான மெயில் security@mail.instagram.com என்ற முகவரியிலிருந்து வரும். ஆனால் அனுப்புநர் பெயரைப் போலியாகப் போட முடியும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஆப்பைத் திறந்து Settings, அதில் Accounts Center, அதற்குள் Password and security, அதற்குள் Recent emails என்று போங்கள். கடந்த 14 நாளில் இன்ஸ்டாகிராம் நிஜமாகவே அனுப்பிய மெயில்கள் அங்கே வரிசையாக இருக்கும். உங்கள் பெட்டிக்கு வந்தது அந்த வரிசையில் இல்லையென்றால் அது தூண்டில். தொடாமல் அழித்துவிடுங்கள்.

மெயில் நிஜம் என்றால் அதன் முதல் வரியைப் பாருங்கள். 'Hi' என்பதற்குப் பக்கத்தில் இருப்பது உங்கள் கடையின் யூசர்நேம்தானா? வேறு ஏதோ பெயராக இருந்தால், யாரோ தன் மெயில் முகவரியைத் தப்பாக அடித்து உங்கள் முகவரியில் கணக்கு தொடங்கியிருக்கிறார். ஜிமெயில் முகவரியில் புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே பெட்டிதான் என்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி நடக்கும். அப்படியானால் கவலைப்பட ஒன்றுமில்லை, அந்த மெயிலிலேயே 'நான் கேட்கவில்லை' என்று தெரிவிக்கும் வழி இருக்கிறது.

உங்கள் கடைப் பெயரேதான் இருக்கிறது என்றால், நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய சிம் சங்கதியைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். எல்லையோரத்தில் இது சகஜம். மலைக்கு மேலே ஒரு சிம், கீழே ஒரு சிம் என்று வைத்திருந்தவர்கள், ரோமிங் செலவு போன பிறகு ஒன்றைக் கைவிட்டார்கள். கைவிட்ட நம்பரை கம்பெனி தூக்கிப் போடுவதில்லை. இணைப்பைத் துண்டித்து குறைந்தது 90 நாள் கழிந்ததும் வேறொருவருக்குக் கொடுக்கலாம். இரண்டு வருஷத்தில் உங்கள் நம்பர் யாரோ ஒரு கட்டப்பனைக்காரர் கையில் இருந்தால் ஆச்சரியமில்லை. அவர் தன் நம்பரைப் போட்டு இன்ஸ்டாகிராமில் சேரப் பார்க்கிறார். இந்த நம்பரில் ஏற்கெனவே கணக்கு இருக்கிறது என்று திரை சொல்கிறது. தன்னுடையதுதானோ என்று நினைத்து Forgot password? தொடுகிறார். உங்களுக்கு மெயில் வருகிறது. அவர் மேல் தப்பு இல்லை.

ஆனால் இதில் ஒரு நிஜமான ஆபத்து இருக்கிறது. பாஸ்வேர்டை மீட்கும் கோடு நம்பரை மெயிலுக்குப் பதில் எஸ்எம்எஸ்ஸில் அனுப்பு என்று கேட்கவும் வழி உண்டு. பழைய நம்பர் இன்னும் கணக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த எஸ்எம்எஸ் உங்களுக்கு வராது, அவருக்குப் போகும். நீங்கள் பாஸ்வேர்டை எத்தனை தடவை மாற்றினாலும் இந்த ஓட்டை அடைபடாது.

ஆகவே இன்றைக்கே செய்ய வேண்டியது, Accounts Center-இல் Personal details, அதில் Contact info. பழைய கேரள நம்பர் அங்கே இருந்தால் முதலில் கம்பத்து நம்பரைச் சேர்த்துவிட்டு, அதன் பிறகு பழையதைத் தொட்டு Delete number கொடுங்கள். இதே வரிசையில் செய்வது நல்லது. பழையதை முதலில் எடுத்துவிட்டு நடுவில் சிக்னல் போனால் அவதி. பிறகு Password and security-க்குள் Two-factor authentication-ஐ ஆன் செய்யுங்கள். எஸ்எம்எஸ் வழியைவிட, போனிலேயே கோடு உண்டாக்கித் தரும் ஆதெண்டிகேட்டர் ஆப் வழி மேல், அது எந்த சிம்மையும் நம்பி இல்லை. இது இருந்தால், யாராவது பாஸ்வேர்டையே மாற்றிவிட்டாலும் உள்ளே வர இன்னொரு கோடு கேட்கும். கூடவே தரப்படும் ரெக்கவரி கோடுகளைக் கடை நோட்டில் எழுதி வையுங்கள்.

பழைய நம்பர் அங்கே இல்லவே இல்லை என்றால், காரணம் உங்கள் பாக்கெட் லேபிளாக இருக்கலாம். மசாலாக் கடைக்காரர்கள் பலரும் லாகின் செய்யும் மெயில் முகவரியையே லேபிளிலும் விசிட்டிங் கார்டிலும் அச்சடிக்கிறார்கள். லாகினுக்கு யாருக்கும் சொல்லாத தனி முகவரி ஒன்று வைத்துக்கொள்ளலாம். யூசர்நேமை வைத்தும் கேட்க முடியும் என்பதால் மெயில் முழுக்க நின்றுவிடும் என்று சொல்ல மாட்டேன். சில சமயம் காரணம் உங்களிடமே இருக்காது. 2026 ஜனவரியில் பலருக்கு இப்படிக் கேட்காத மெயில்கள் குவிந்தன. வெளியாள் ஒருவர் இவற்றை வரவழைக்க வழிவிட்ட கோளாறைச் சரிசெய்துவிட்டதாக இன்ஸ்டாகிராம் அப்போது சொன்னது.

அடுத்து உங்கள் ஜிமெயில். லிங்க் வந்து விழும் இடம் அதுதான் என்பதால், இன்ஸ்டாகிராமைவிட அதன் பூட்டு முக்கியம். கூகுள் கணக்கின் Security பக்கத்தில் ரெக்கவரி போனாகப் பழைய சிம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதையும் மாற்றுங்கள். Your devices பட்டியலில் தெரியாத போன் இருந்தால் வெளியேற்றுங்கள். கம்ப்யூட்டரில் ஜிமெயில் செட்டிங்ஸைத் திறந்து Filters and Blocked Addresses, Forwarding and POP/IMAP இரண்டையும் ஒரு பார்வை பாருங்கள். மெயிலுக்குள் புகுந்த திருடன் இன்ஸ்டாகிராம் மெயில்கள் உங்கள் கண்ணில் படாமல் அழியும்படி அங்கே ஒரு ஃபில்டர் போட்டு வைப்பான். உங்களுக்கு மெயில்கள் கண்ணில் படுகின்றன என்பதே ஓரளவுக்கு நல்ல அறிகுறி.

இன்னொன்று. மெயில் வந்த கையோடு போனோ வாட்ஸ்அப்போ வந்து, 'என் கோடு தப்பா உங்களுக்கு வந்துடுச்சு, கொஞ்சம் சொல்லுங்க' என்று தமிழிலோ மலையாளத்திலோ கேட்டால், அவர்தான் அந்த மணியை அடித்தவர். பெரிய ஆர்டர் தருவதாகப் பேச்சுக் கொடுத்துவிட்டும் கேட்பார்கள். கோடைச் சொல்லாதீர்கள், அவர் அனுப்பும் லிங்க்கையும் தொடாதீர்கள்.

'மாற்ற வேண்டுமா' என்று கேட்கும் மெயில் வேறு, 'மாற்றப்பட்டது' என்று சொல்லும் மெயில் வேறு. உங்கள் பாஸ்வேர்டோ மெயில் முகவரியோ மாறிவிட்டதாக ஒன்று வந்து, நீங்கள் மாற்றவில்லை என்றால், அப்போது ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் instagram.com/hacked போய் மீட்கப் பாருங்கள். உங்கள் பக்கத்தின் பெயரில் யாராவது வாடிக்கையாளரிடம் பணம் வாங்கிவிட்டால், பணம் கொடுத்தவரே உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும். கேரளா, தமிழ்நாடு இரண்டுக்கும் அதே நம்பர்தான்.