இரண்டு ஸ்பான் பீம்ல ஒரு முனை ஃபிக்ஸட், கடைசி முனை சும்மா சப்போர்ட். மொமென்ட் டிஸ்ட்ரிபியூஷன்ல கேரி ஓவரை அந்தக் கடைசி முனைக்கும் கொண்டு போகணுமா?

கடைசி ஸ்பானின் ஸ்டிஃப்னஸை நீங்கள் எப்படி எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. 4EI/L என்று எடுத்திருந்தால் கட்டாயம் கொண்டு போக வேண்டும். 3EI/L என்று எடுத்திருந்தால் கொண்டு போகவே கூடாது. அநேகமாக உங்கள் கையில் உள்ள கைடு இரண்டையும் கலந்து போட்டிருக்கும். பகலில் டிசைன் வேலை, மாலையில் பாலிடெக்னிக் மாணவர்களுக்கு வகுப்பு என்று இருக்கிறேன். இந்தக் கலப்படத்தைத்தான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். A ஃபிக்ஸட், B நடு சப்போர்ட், C கடைசி சப்போர்ட். AB 4 மீட்டர், அதன் மேல் மீட்டருக்கு 30 கிலோநியூட்டன் யூடிஎல். BC 3 மீட்டர், நடுவில் 32 கிலோநியூட்டன். EI முழுக்க ஒன்றே. ஃபிக்ஸட் எண்ட் மொமென்ட் AB-யில் wL²/12 = 40, BC-யில் PL/8 = 12. கடிகாரச் சுற்றை பிளஸ் என்று வைத்துக்கொள்கிறேன்.

C-யில் மொமென்ட் நிற்க முடியாது. அதனால் முதலில் அங்குள்ள 12-ஐ விடுவித்து, பாதியை B-க்கு அனுப்பிவிடுகிறோம். இனி C சுதந்திரமாகத் திரும்பும் முனை. B-யைத் திருப்பும்போது மறுமுனை பிடிக்கப்பட்டிருந்தால் இங்கே 4EIθ/L, அங்கே 2EIθ/L வரும். கேரி ஓவர் பாதியாக இருப்பது இதனால்தான். அந்த 2EIθ/L-ஐ C-யில் விடுவித்தால் அதில் பாதி, அதாவது EIθ/L, B-க்குத் திரும்பி வந்து கழியும். மிஞ்சுவது 3EIθ/L. ஆக, C-க்குப் போய்த் திரும்பும் பயணம் முழுவதும் அந்த 3-க்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது.

இங்கே AB-க்கு 4EI/4, BC-க்கு 3EI/3. இரண்டும் சமம், எனவே B-யில் ஆளுக்குப் பாதி.

```
  AB      BA      BC      CB
 -40     +40     -12     +12
                  -6     -12    C விடுவிப்பு
         -11     -11            B பகிர்வு
  -5.5                          கேரி ஓவர்
 -45.5   +29     -29       0
```

B-யில் 40 - 18 = 22 சமனாகாமல் நின்றது, அதைப் பிரித்தோம். A-க்கு மட்டும் பாதி போனது. A ஃபிக்ஸட் என்பதால் வந்ததை அப்படியே வாங்கிக்கொள்ளும், திருப்பி அனுப்பாது. ஒரே சுற்றில் கணக்கு முடிந்தது.

நீள வழியில் 4EI/L வைத்தால் பங்கு 3/7, 4/7 ஆகும். B, C இரண்டையும் ஒவ்வொரு சுற்றிலும் சமன்செய்து அனுப்பிக்கொண்டே போனால் BA-யின் மதிப்பு 28, 30.57, 28.86, 29.22 என்று 29-ஐச் சுற்றி ஆடி அடங்கும். அதுவும் சரிதான்.

தவறு எங்கே வருகிறது என்றால், C-யை விடுவித்த பிறகும் 3/7, 4/7 பங்கையே வைத்து, C-க்கு எதுவும் அனுப்பாமல் நிறுத்தும்போது. அப்போது BA 30.57, BC -30.57. கூட்டினால் பூஜ்யம்! "ஜாயிண்ட் சமனாகிவிட்டது சார்" என்று மாணவர்கள் சந்தோஷமாகக் காட்டுவார்கள். எந்தப் பங்கு போட்டாலும் கூட்டல் பூஜ்யமாகத்தான் வரும், ஆகவே அந்தச் சோதனை போதாது. B திரும்பிய கோணத்தை இரண்டு பக்கமும் பாருங்கள். BA-யில் மாற்றம் -9.43, அதை 4EI/4-ஆல் வகுத்தால் θ = -9.43/EI. BC-யில் -12.57, அதை 3EI/3-ஆல் வகுத்தால் -12.57/EI. ஒரே ஜாயிண்ட் இரண்டு கோணத்தில் எப்படித் திரும்பும்? சரியான கணக்கில் இரண்டுமே -11/EI.

ஸ்லோப் டிஃப்ளெக்‌ஷனில் இதை ஒரே சமன்பாட்டில் முடிக்கலாமே என்று யாராவது கீழே எழுதுவார்கள். உண்மைதான், இங்கே தெரியாதது θB ஒன்றுதான். ஹார்டி கிராஸ் 1930-இல் இந்த முறையை வெளியிட்டது பல ஜாயிண்ட் உள்ள ஃபிரேம்களை மனதில் வைத்து. ஆனால் கேட்டவருக்குத் தேர்வில் இந்த முறைதானே வருகிறது?

தேர்வு என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். என் மாணவி ஒருத்தி இப்படி ஒரே சுற்றில் சரியாக முடித்திருந்தாள். விடைக்குறிப்பில் நான்கு சுற்று அட்டவணை இருந்ததால் "படிகள் இல்லை" என்று பாதி மதிப்பெண்ணை வெட்டிவிட்டார்கள். மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டியும் பலனில்லை. துல்லியமான விடையை எழுதிய பிள்ளைக்கு இது நியாயமே இல்லை. அதனால் "C எளிய சப்போர்ட், எனவே 3EI/L" என்று ஒரு வரியை விடைத்தாளில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

அப்புறம், C-க்கு வெளியே ஓவர்ஹேங் இருந்தால் CB பூஜ்யமாகாது. ஓவர்ஹேங்கின் மொமென்ட்டைச் சமன்செய்யும் அளவுக்கு மட்டும் C-யை விடுவித்து, அந்த மாற்றத்தில் பாதியை B-க்கு அனுப்புங்கள். BC-க்கு அப்போதும் 3EI/L-தான்.