கழுத்து நெறிக்கட்டி: உருண்டை, ஹைலம் இல்லை

“அம்பாசமுத்திரத்தில் அம்மாவுக்குக் கழுத்து ஸ்கேன் எடுத்தோம். 18 × 16 மி.மீ., உருண்டை, கொழுப்பு ஹைலம் இல்லை என்கிறது ரிப்போர்ட். புற்றுநோய்தானா?”

அண்ணாச்சி, இதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் கட்டியிலிருந்து ஊசியால் செல்களை எடுத்துப் பார்க்கும் ஊசிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். நல்ல நெறிக்கட்டி மொச்சைக்கொட்டை மாதிரி இருக்கும். நீளம் அகலத்தைப்போல இரண்டு மடங்காவது வரும், நடுவில் கொழுப்பு வெள்ளையாகத் தெரியும், அதுதான் கொழுப்பு ஹைலம். அம்மாவுக்கு 18-ஐ 16-ஆல் வகுத்தால் சுமார் 1.1தான். உள்ளே செல்கள் பெருகி எல்லாப் பக்கமும் உப்பும்போது அந்தக் கொழுப்பு அழுந்தி மறைந்துவிடும். காசநோயிலும் இதே தோற்றம் வரும்.

கட்டி எங்கே என்று கேளுங்கள். தாடைக்கு அடியில் என்றால் உருண்டை வடிவம் இயல்பாகவே வரும், ஹைலம் மறைந்ததுதான் அங்கே முக்கியம். காலர் எலும்புக்கு மேலே என்றால் இந்த வாரமே ஊசிப் பரிசோதனை செய்துவிடுங்கள். எடுக்கும் மாதிரியில் கொஞ்சத்தைக் காசநோய்ப் பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.