தமிழ் எழுத்துப் பயிற்சித் தாள் விற்பது: கேள்விகளும் பதில்களும்

அக்கா, காசு வந்ததும் வாட்ஸாப்பில் டிரைவ் லிங்க் அனுப்பிவிடுகிறேன். அது போதுமா?

போதாது. லிங்க் வைத்திருக்கும் எவரும் திறக்கலாம் என்று விட்ட ஃபைல் உங்கள் கையில் நிற்காது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உயிர், மெய், உயிர்மெய் எல்லாம் சேர்த்து 60 பக்கம், விலை 49 ரூபாய். முதல் மாதம் 38 பேர் வாங்கினார்கள். 14-ஆம் பக்கத்தில் ஒரு புள்ளிக்கோடு விட்டுப்போயிருந்தது. அதைச் சுட்டிக்காட்டி ஏழு பேர் எழுதினார்கள், அவர்களில் நான்கு பேர் என் கணக்கிலேயே இல்லை. ஃபைல் வெளியே போய்விட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. யாரிடமிருந்து போனது என்று பார்க்க வழியில்லை, எல்லோர் கையிலும் ஒரே ஃபைல்.

அதன்பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனி பிடிஎஃப். வாங்கியவர் பெயரும் ஆர்டர் எண்ணும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிறிய எழுத்தில் இருக்கும். அந்த ஒரு வரி மட்டும் உள்ள வெற்றுப் பக்கத்தை stamp.pdf என்றும் உங்கள் தாளை pack.pdf என்றும் வைத்துக்கொண்டு, qpdf என்ற இலவச நிரலை நிறுவி டெர்மினலில் இதை ஓட்டினால், எல்லாப் பக்கத்திலும் பதிந்து out.pdf ஆக வந்துவிடும்:

```
qpdf --overlay stamp.pdf --repeat=1 -- pack.pdf out.pdf
```

Gumroad என்ற விற்பனைத் தளத்தில் விற்பவர்களுக்கு இது போன்ற முத்திரை வசதி அங்கேயே இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து ஒரு டெலிகிராம் குழுவில் என் தாள் கிடைத்தது. அடியில் ஒரு டியூஷன் டீச்சரின் பெயர். கேட்டேன். 22 பிள்ளைகளின் பெற்றோருக்கு அனுப்பினாராம். "காசு கொடுத்துத்தானே வாங்கினேன், என் பிள்ளைகளுக்குத்தானே கொடுத்தேன்?" என்றார். அவர் மனதில் திருட்டே இல்லை, வீட்டுக்கு மட்டும் என்று நானும் எங்கும் எழுதவில்லை. இப்போது இரண்டு விலை: ஒரு வீட்டுக்கு 99, ஒரு வகுப்புக்கு 499. வகுப்பு உரிமையை முதலில் வாங்கியவரே அந்த டீச்சர்தான். எந்த விலைக்கு எத்தனை பிள்ளைகள் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

பாஸ்வேர்டு போட்டால் முடிந்தது. ரெண்டு வருஷமா அப்படித்தான் விற்கிறேன், ஒரு பிரச்சினையும் இல்லை.

பாதி சரி. ஃபைல் தவறான ஆளுக்குப் போனால் பாஸ்வேர்டு காப்பாற்றும். ஆனால் பகிர்கிறவர் பாஸ்வேர்டையும் அதே மெசேஜில் எழுதி அனுப்புவார். அதோடு, பிரச்சினை இல்லை என்று எப்படித் தெரியும் தம்பி? எல்லோருக்கும் ஒரே ஃபைல் என்றால் யார் கசியவிட்டார் என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

அக்கா, ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாமல் செய்வது எப்படி?

முடியாது. அச்சடித்த தாளை ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் போதுமே. இன்று இதே கேள்வி மூன்றாவது முறை வருகிறது. முதல் பதிலைப் படியுங்கள்.

காசு கொடுத்து நேர்மையாக வாங்கியவர் பெயரைப் பக்கத்துக்குப் பக்கம் அடிப்பது அவரைச் சந்தேகப்படுவதுதான். என் பையன் தாளில் என் பெயர் எதற்கு?

கோபம் நியாயம்தான். தொடக்கத்தில் போன் எண்ணையும் அடித்தேன், அது என் தவறு. ஃபைல் கசிந்தால் வாங்கியவர் எண்ணும் ஊருக்கெல்லாம் போய்விடும். எடுத்துவிட்டேன்.

அப்படியென்றால் ஆர்டர் எண் மட்டும் போதுமே?

யார் என்று கண்டுபிடிக்க எண் போதும். ஆனால் எண்ணைப் பார்த்து யாரும் தயங்குவதில்லை, தன் பெயரைப் பார்த்தால்தான் அனுப்பப் போன கை நிற்கிறது. நான் பெயரை விடவில்லை. நீங்கள் சொல்வதும் மனதில் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

எட்ஸியில் ஒரு டாலர் வைத்தால் நிறைய விற்கும் என்கிறார்கள். சரியா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு விற்பனைக்கும் பட்டியல் கட்டணம் 20 சென்ட், அதன்மேல் 6.5 சதவீதம். ஒரு டாலரில் இவை இரண்டுக்கே 26.5 சென்ட் போகிறது. ஐந்து டாலர் வைத்தால் 52.5 சென்ட், அதாவது பத்தில் ஒரு பங்கு சொச்சம். பணம் வாங்கித் தரும் கட்டணம் இதற்கு மேல் தனி. எட்டுப் பக்கத் தாள்களைத் தனித்தனியாகப் போடாமல் கட்டாகக் கட்டி ஐந்து டாலருக்குப் போடுங்கள்.

யூடியூபில் அன்லிஸ்டட் வீடியோவாக கோர்ஸ் விற்கலாமா?

அதுவும் லிங்க்தான், டிரைவ் கதைதான். கோர்ஸ் நான் விற்றதில்லை, விற்றவரிடம் கேளுங்கள்.

நான் விற்பவள் இல்லை, கனடாவில் இருந்து வாங்கியவள். அச்சடித்தால் கடைசி வரி வெட்டுப்படுகிறது.

நல்லவேளை கேட்டீர்கள். நம் ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர், உங்கள் ஊர் லெட்டர் தாள் 279. அச்சடிக்கும்போது Fit என்பதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துக் கட்டம் கொஞ்சம் சுருங்கும், ஆனால் வரி முழுதாக வரும். விற்பவர்கள் இரண்டு அளவிலும் ஃபைல் கொடுக்க வேண்டும். அடியில் அடித்த பெயரும் அந்த 18 மில்லிமீட்டரோடு வெட்டுப்பட்டுப் போகிறது என்பதை உங்கள் கேள்வியைப் படித்த பிறகுதான் யோசித்தேன். லெட்டர் பிரதியில் அதை மேலே மாற்றப் போகிறேன்.