பிடிஎஃப் கோப்பில் அழித்தது உண்மையிலேயே அழிந்ததா? கேள்வி பதில்

சங்கச் செயலாளர்: எங்கள் அறிக்கையில் இருந்த ஒரு கருத்துக் குறிப்பை அழித்துவிட்டுச் சேமித்தேன். வெளியிட்ட பிறகு, அந்தக் குறிப்பை ஒருவர் அப்படியே படித்துக் காட்டினார். எப்படி?

நீங்கள் அழித்தது திரையிலிருந்து மட்டுமே மறைந்திருக்கிறது. பிடிஎஃப் கோப்பைத் திறந்து சிறு மாற்றம் செய்து சேமிக்கும்போது, பல மென்பொருள்கள் கோப்பை முதலிலிருந்து திரும்ப எழுதுவதில்லை. பழைய கோப்பை அப்படியே விட்டுவிட்டு, மாறிய பகுதியை மட்டும் கடைசியில் ஒட்டுகின்றன. பக்கத்தில் குறிப்பு இல்லை என்ற செய்தி கோப்பின் வாலில் இருக்கும். அந்தக் குறிப்பு சற்று முன்னால் பத்திரமாக இருக்கும். ஒவ்வொரு சேமிப்பும் `%%EOF` என்ற வரியில் முடிவதால், எத்தனை படிகள் உள்ளே இருக்கின்றன என்பதை எவராலும் எண்ணிவிட முடியும்.

உங்களுடையதைப் போன்ற ஒரு கோப்பை மாதிரியாகச் செய்து பார்த்தேன். முதலில் அறிக்கையைச் சேமித்தேன், அடுத்து ஒரு குறிப்பு எழுதிச் சேமித்தேன், பிறகு அதை அழித்துச் சேமித்தேன். அந்தக் கோப்பை லினக்ஸின் கட்டளைச் சாளரத்தில் இவ்வாறு கேட்டால்:

```
grep -a -b -o '%%EOF' arikkai.pdf
184210:%%EOF
186977:%%EOF
191340:%%EOF
```

இடப்பக்க எண்கள் கோப்பின் தொடக்கத்திலிருந்து அந்த வரி எத்தனையாவது பைட்டில் நிற்கிறது என்பதைக் காட்டுகின்றன. இரண்டாவது சேமிப்பு 186977-இல் தொடங்கும் ஐந்து எழுத்துகளோடு முடிகிறது. ஆகவே முதல் 186982 பைட்டுகளை மட்டும் வெட்டி எடுத்தால் போதும்:

```
head -c 186982 arikkai.pdf > pazhaiyathu.pdf
```

இந்தப் புதிய கோப்பைத் திறந்தால், அழித்த குறிப்பு எழுதியவரின் பெயரோடும் நேரத்தோடும் மீண்டும் வந்து நிற்கும். இதற்குத் தனி மென்பொருளோ திறமையோ தேவையில்லை. உங்கள் அறிக்கையை எடுத்தவர் செய்ததும் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

தீர்வு, கோப்பை முழுவதுமாகத் திரும்ப எழுத வைப்பது. `qpdf` என்ற இலவசக் கருவியை நிறுவி, `qpdf arikkai.pdf veliyeedu.pdf` என்று கொடுத்தால், இறுதி வடிவத்துக்குத் தேவையான பகுதிகள் மட்டுமே புதிய கோப்புக்குள் போகும். எதனோடும் தொடர்பற்றுக் கிடக்கும் பழைய குறிப்பு உள்ளே வராது. அதன் பிறகு எண்ணினால் `%%EOF` ஒன்றுதான் இருக்க வேண்டும். ஏற்கெனவே வெளியே போன பிரதியை இது திருத்தாது என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

கல்லூரி மாணவர்: நான் இப்போதுதான் உருவாக்கிய, யாரும் தொடாத கோப்பிலும் `%%EOF` இரண்டு இருக்கிறது. அப்படியானால் அதிலும் பழைய படி ஒளிந்திருக்கிறதுதானே?

எண்ணியது சரி, முடிவு சரியல்ல. இணையத்தில் முதல் பக்கம் விரைவாகத் திறப்பதற்காக வரிசைப்படுத்தி எழுதப்பட்ட கோப்புகளில் இயல்பாகவே இரண்டு `%%EOF` இருக்கும். முதலாவது கோப்பின் தொடக்கத்துக்கு மிக அருகில் நிற்கும். அங்கே வெட்டினால் படிக்கத்தக்க ஆவணம் எதுவும் கிடைக்காது. `qpdf --check` கொடுத்துப் பாருங்கள். `File is linearized` என்று வந்தால் அந்த இரண்டுக்கும் அதுதான் காரணம். மூன்றாவது ஒன்று இருந்தால் அப்போது சந்தேகப்படுங்கள்.

பத்திரிகைப் பணியாளர்: `exiftool` கொண்டு எல்லா மெட்டாடேட்டாவையும் நீக்கிவிட்டேன். பண்புகள் பகுதி காலியாக இருக்கிறது. வேலை முடிந்ததல்லவா?

முடியவில்லை. இந்த இடத்தில்தான் கவனமாக வேலை செய்பவர்களும் ஏமாறுகிறார்கள். பிடிஎஃப் கோப்பில் `exiftool` செய்வதும் மேலே சொன்ன வாலில் ஒட்டும் வேலையே. நீக்கிய ஆசிரியர் பெயரும் தேதியும் கோப்புக்குள்ளேயே இருக்கும். அந்தக் கருவியைக் கொண்டே திரும்ப வரவழைக்கவும் முடியும். நீக்கம் மீளக்கூடியது என்ற எச்சரிக்கையை அது திரையிலேயே காட்டுகிறது, ஆனால் பலர் அந்த வரியைப் படிப்பதில்லை. எனவே வரிசை முக்கியம்:

```
exiftool -all:all= -o idai.pdf arikkai.pdf
qpdf idai.pdf veliyeedu.pdf
```

`qpdf` எப்போதும் கடைசியில் வர வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்தால், சுத்தமான கோப்பின் வாலில் நீக்கத்தை ஒட்டியதாகிவிடும், உள்ளே பெயர் இருக்கும். `-o` இல்லாமல் இயக்கினால் பக்கத்திலேயே `arikkai.pdf_original` என்ற பழைய பிரதியும் உருவாகும். கோப்புறையை அப்படியே பதிவேற்றுபவர்கள் அதையும் சேர்த்து அனுப்பிவிடுவார்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். பக்கத்தில் இன்னும் உயிரோடு இருக்கும் கருத்துக் குறிப்புகளை இந்த இரண்டு கட்டளைகளும் தொடுவதில்லை. அவற்றை முதலில் வாசிப்பானில் திறந்து நீங்களே நீக்க வேண்டும்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: கடவுச்சொல் போட்டால் போதாதா?

போதாது. கடவுச்சொல் கதவைப் பூட்டுகிறது. வீட்டுக்குள் இருப்பதை அகற்றுவதில்லை. பொதுவில் வெளியிடும் ஆவணத்தின் கதவை நீங்களே எல்லோருக்கும் திறந்துதானே வைக்க வேண்டும்?

இல்லத்தரசி: வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இவை தானாகவே நீங்கிவிடும் என்கிறார்களே?

படத்தைப் படமாக அனுப்பும்போது நடப்பதை வைத்துச் சொல்கிறார்கள். பிடிஎஃப் ஆவணமாகவே போகிறது. உள்ளே இருப்பதெல்லாம் அப்படியே போகும்.

மொழிபெயர்ப்பாளர்: கோப்பு முழுவதிலும் குறிப்பு எழுதியவரின் பெயரைத் தமிழில் தேடினேன், எங்கும் இல்லை. இதை நம்பலாமா?

நம்பக் கூடாது. நல்ல கேள்வி, தமிழில் எழுதும் நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது. ஆங்கிலப் பெயர் கோப்புக்குள் எழுத்தாகவே கிடக்கும். தமிழ்ப் பெயர் பெரும்பாலும் எழுத்துக்கு இரண்டு பைட்டுகளாக, வேறொரு குறியாக்கத்தில் இருக்கும். அதோடு சுருக்கப்பட்ட பகுதிக்குள்ளும் இருந்துவிட்டால் எந்தத் தேடலிலும் அகப்படாது. முதலில் கோப்பை விரித்து எழுத வையுங்கள்:

```
qpdf --qdf --object-streams=disable veliyeedu.pdf virivu.pdf
grep -a -i '<feff0b' virivu.pdf
```

ஒருங்குறியில் தமிழ் எழுத்துகள் 0B80 முதல் 0BFF வரையான இடத்தில் இருப்பதால், ‘கலா’ என்ற பெயர் அங்கே `<feff0b950bb20bbe>` என்று தென்படும். முன்னால் `/T` இருந்தால் அது குறிப்பு எழுதியவரின் பெயராகவோ படிவக் கட்டத்தின் பெயராகவோ இருக்கலாம்; `/Author` இருந்தால் ஆவண ஆசிரியரின் பெயர். தமிழ் எழுத்தில் தொடங்கும் சரங்களை மட்டுமே இந்தத் தேடல் காட்டும் என்பதால், குறிப்புகளைத் தனியாகவும் தேடுங்கள்:

```
grep -a -E '/Subtype /(Text|Popup|FreeText|Highlight)' virivu.pdf
```

ஒரு வரி வந்தாலும் குறிப்பு மிச்சமிருக்கிறது என்று கொள்ளுங்கள். சரிபார்த்ததும் `virivu.pdf` கோப்பை அழித்துவிடுங்கள். அது சோதனைக்கு மட்டும்.

அச்சக ஊழியர்: இவ்வளவு சுற்றுவழி எதற்கு? அச்சிடும் கட்டளையில் ‘பிடிஎஃபாகச் சேமி’ என்று கொடுத்தால் எல்லாம் போய்விடும். நான் பல வருடங்களாக அப்படித்தான் செய்கிறேன்.

பாதிக்கு மேல் நீங்கள் சொல்வது சரி. அச்சிடும்போது புதிய கோப்பே உருவாவதால் பழைய படிகள் வராது, இணைப்புக் கோப்புகளும் வராது. ஆனால் புதிய கோப்பு தனக்கென மெட்டாடேட்டாவை எழுதிக்கொள்ளும்: தலைப்பாகப் பழைய கோப்பின் பெயரும், சில கணினிகளில் ஆசிரியராக உள்நுழைந்தவரின் பெயரும் போய் உட்காரும். குறிப்புகளையும் அச்சிடும்படி அமைத்திருந்தால் அவை பக்கத்திலேயே பதிந்துவிடும். கறுப்புக் கட்டம் வரைந்து மறைத்த பெயர், அச்சிட்ட பிறகும் கட்டத்துக்கு அடியில் எழுத்தாகவே இருக்கக்கூடும். 2019 ஜனவரியில், டிரம்பின் தேர்தல் பிரசாரத் தலைவராக இருந்த பால் மனாஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் அமெரிக்க நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணத்தில், மறைத்த வரிகளை நகலெடுத்து ஒட்டியே செய்தியாளர்கள் படித்துவிட்டார்கள்.

திரைவாசிப்பான் பயன்படுத்துபவர்: அச்சிட்டுச் சேமித்த கோப்புகளில் தலைப்பு, பட்டியல், இணைப்பு என்ற அமைப்பே போய்விடுகிறது. சில தமிழ்க் கோப்புகளில் எழுத்துகள் குழம்பி வருகின்றன. எங்களைப் போன்றவர்கள் அவற்றை எப்படி வாசிப்பது?

இந்தக் குறையை நான்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். `qpdf` வழி அந்த அமைப்பைக் கலைக்காது; அதை நான் முன்னே வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அச்சக ஊழியர்: ஒவ்வொரு பக்கத்தையும் படமாக்கிவிட்டால்? அதில் எதுவும் ஒளிந்திருக்க முடியாதே.

திரைவாசிப்பான் பயன்படுத்துபவர்: படமாக்கினால் எங்களுக்கு அது வெற்றுத் தாள்.

இருவரும் சொல்வது உண்மை. தகவல் தந்தவரின் உயிருக்கே ஆபத்து என்றால் நான் பக்கங்களைப் படமாக்கத்தான் சொல்வேன், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் அடுக்குகளும் அதில் தங்குவதில்லை. பொது அறிவிப்புக்கு அதைச் செய்யக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஆவணங்களுக்கு, படக்கோப்போடு எழுத்து வடிவத்தைத் தனியாகத் தட்டச்சு செய்து தருவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. அந்த உழைப்பை யார் ஏற்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஆசிரியை: எனக்குக் கட்டளைகள் எழுத வராது. வேர்ட், லிப்ரெஆபிஸ் இரண்டும் இருக்கின்றன.

அப்படியானால் பிடிஎஃப் கோப்பைத் தொடவே வேண்டாம், மூல ஆவணத்துக்குத் திரும்புங்கள். வேர்டில் மாற்றங்கள் அனைத்தையும் ஏற்று, குறிப்புகளை அழித்து, ஒரு பிரதியில் `Inspect Document` இயக்கிய பிறகு, புதிய பெயரில் பிடிஎஃபாகச் சேமியுங்கள். லிப்ரெஆபிஸில் ஏற்றுமதிப் பெட்டியில் `Hybrid PDF` என்ற தெரிவில் குறி இருக்கக் கூடாது. இருந்தால் மூல ஆவணம் முழுவதும் பிடிஎஃபின் உள்ளே இணைந்துவிடும், பதிவான திருத்தங்கள் உட்பட. அக்ரோபேட் புரோ பதிப்பு இருந்தால் அதிலுள்ள `Sanitize Document` போதும். இலவச வாசிப்பானில் அந்த வசதி இல்லை.

இன்னொருவர்: திருத்த முடியாதபடி கடவுச்சொல் வைத்தால்?

மேலே கடவுச்சொல் பற்றிய பதிலைப் படியுங்கள்.

அலுவலக உதவியாளர்: கோப்பின் அளவைக் குறைக்க வேண்டும், அதற்கும் இதுவே வழியா?

அது வேறு வேலை. பழைய படிகள் போவதால் சிறிது குறையலாம், அதற்காக இதைச் செய்ய வேண்டாம்.

கணக்காளர்: மின்கையொப்பமிட்ட ஆவணத்தை `qpdf` வழியாக அனுப்பினேன். கையொப்பம் செல்லாது என்று காட்டுகிறது.

காட்டத்தான் வேண்டும். கையொப்பம் கோப்பின் குறிப்பிட்ட பைட்டுகளின் மேல் போடப்படுகிறது. திரும்ப எழுதினால் அந்தப் பைட்டுகள் மாறிவிடுகின்றன. முதலில் சுத்தம் செய்து, `%%EOF` எண்ணிப் பார்த்து, அதன் பிறகு கையொப்பமிடச் சொல்லுங்கள். இரண்டாவது கையொப்பம் முதலாவதைக் கெடுக்காமல் வாலில் ஒட்டப்படும் என்பதால், கையொப்பங்களுக்குப் பிறகு எண்ணிக்கை கூடியிருப்பது தவறல்ல. ஏற்கெனவே கையொப்பமிட்ட கோப்பில் அழித்த குறிப்பு இருந்தால், கையொப்பத்தைக் காப்பாற்றிக்கொண்டு அதை நீக்க வழியில்லை. கையொப்பமிட்டவரிடம் மீண்டும் போக வேண்டியதுதான்.