கப்சாயில் 170 நல்லது, டிராக்டரில் 300 மோசமா?

"ஐயா, சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பட்டறையில் வேலை பழகுகிறேன். கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்ததில் கப்சாய் மோட்டார்சைக்கிள் 170 பிஎஸ்ஐ காட்டியது, நல்லது என்றார் போர்மன். செம்பனைக் குலை இழுக்கும் டீசல் டிராக்டர் 300 காட்டியது, அது தளர்ந்துவிட்டது என்கிறார். அதிகமாக இருப்பது எப்படித் தளர்ச்சியாகும்?"

போர்மன் சொல்வது சரியாகத்தான் இருக்கும் தம்பி. இரண்டு எஞ்சினும் நான்கு ஸ்ட்ரோக்தான், ஆனால் தீ பிடிக்கும் விதம் வேறு.

கப்சாயின் சிலிண்டரில் பிஸ்டன் கீழே இருக்கும்போது சுமார் 124 சிசி இடம் என்று வையுங்கள். மேலே வந்ததும் அது 14 சிசி ஆகிறது, ஏறக்குறைய 9 மடங்கு சுருக்கம். பெட்ரோல் காற்றோடு கலந்தே உள்ளே வருவதால் இதற்கு மேல் அதிகம் நெருக்கினால் கலவை தானாகவே வெடித்து நாக்கிங் வரும். பிளக் பொறி தட்டியதும், பிஸ்டன் உச்சியை விட்டு அதிகம் நகர்வதற்குள் பெரும்பகுதி எரிந்து முடிகிறது. கன அளவு அதிகம் மாறவில்லை, அழுத்தம் மட்டும் எகிறுகிறது. அழுத்தத்தையும் கன அளவையும் வரைபடமாகப் போட்டால் அந்த இடத்தில் கோடு நெட்டுக்குத்தாக ஏறும்.

டிராக்டரில் வெறும் காற்றுதான் நெருக்கப்படுகிறது. ஒரு சிலிண்டரில் 900 சிசி காற்று 50 சிசிக்குள் அடங்கினால் 18 மடங்கு. நம் ஊர் 30 டிகிரிக் காற்று, கணக்குப்படி 690 டிகிரி வரை சூடேறும். 9 மடங்கில் 460 டிகிரிக்குக் கிட்டே. உண்மையில் வெப்பம் சிலிண்டர் சுவருக்குப் போவதால் கொஞ்சம் குறையும். டீசலுக்கு இந்தச் சூடுதான் பிளக். உச்சியில் இன்ஜெக்டர் பீய்ச்சத் தொடங்கி, பிஸ்டன் இறங்கும்போதும் பீய்ச்சுகிறது. எரிவதால் ஏற வேண்டிய அழுத்தத்தை இடம் விரிவது ஈடுகட்டிவிடும். அதனால் பாடப்புத்தகப் படத்தில் கோடு படுக்கையாக ஓடும். நிஜ எஞ்சினில் முதலில் சட்டென ஒரு எகிறல் உண்டு, டீசலின் 'டக் டக்' சத்தம் அதுதான். வரைபடத்தின் மற்றப் பகுதிகளில் பெரிய வித்தியாசம் இல்லை.

இப்போது உங்கள் 300. ஸ்டார்ட்டர் சுற்றும் வேகத்தில் டீசல் எஞ்சின் பொதுவாக 350 முதல் 450 வரை காட்ட வேண்டும். உங்கள் மாடலுக்கான எண் மேனுவலில் இருக்கும். ரிங்கோ வால்வோ கசிந்தால் அழுத்தத்தோடு சூடும் போய்விடுகிறது. கம்ப்ரஷன் குறைந்த கப்சாய் பொறியின் தயவில் எப்படியோ ஓடும். டிராக்டரோ காலையில் நெடுநேரம் சுற்றி, எரியாத டீசலை வெள்ளைப் புகையாகத் தள்ளும். சூடேறிய பிறகு ஓரளவு ஒழுங்காக ஓடும். உங்கள் வண்டி இப்படிச் செய்கிறதா பாருங்கள். ஏர் ஃபில்டரையும் பாருங்கள், தோட்டத்து மண்தூசிதான் ரிங்கைத் தின்கிறது.

அப்புறம் ஒன்று: இரண்டுக்கும் ஒரே கேஜா வைத்தீர்கள்? பெட்ரோல் கேஜ் பல 300 பிஎஸ்ஐயோடு நின்றுவிடும். அப்படியென்றால் நீங்கள் பார்த்தது எஞ்சினின் அளவல்ல, முள்ளின் எல்லை. கேஜ் தெறித்தாலும் தெறிக்கும். இன்ஜெக்டர் துளையிலோ குளோ பிளக் துளையிலோ பொருந்தும் டீசல் கேஜ் வாங்கி, எரிபொருளை அடைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.