கண்ணாடிச் சீட்டில் இருக்கும் முக்கோணம் பவரா?

*வயது 56. ஏற்காட்டில் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறேன். சர்க்கரை 11 வருஷமாக இருக்கிறது. ஐந்து வாரமாக எதிரே வரும் வண்டி பக்கத்தில் பக்கத்தில் இரண்டாகத் தெரிகிறது. வலப்பக்கம் பார்த்தால் இன்னும் மோசம். சேலத்தில் கண் டாக்டர், வலது கண் நரம்பு பலவீனம் என்று சொல்லி, பழைய பவரோடு இரண்டு கண்ணுக்கும் 4 என்று ஒரு முக்கோணக் குறி போட்டு எழுதினார். ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார். கண்ணாடிக் கடையில் "நாலு பவர் ஏறிடுச்சு" என்கிறார்கள். யூடியூபில் மூளைக் கட்டி என்கிறார்கள். கண் உறுத்துகிறது, எப்போதாவது பூச்சி பறப்பது போல இருக்கிறது. மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிப் போடுகிறேன். பார்வை போய்விடுமா, டாக்டர்?*

உங்களுக்குப் பவர் ஏறவில்லை. அந்த முக்கோணம் ப்ரிஸத்தின் குறி; பள்ளியில் முப்பட்டகம் என்று படித்தோமே, அதுதான். பவர் என்பது மங்கலான படத்தைத் தெளிவாக்குவது. ப்ரிஸம் தெளிவைத் தொடவே தொடாது, படத்தை ஒரு பக்கமாக நகர்த்தும். தியேட்டரில் ஃபோகஸைத் திருப்புவது ஒன்று, புரொஜெக்டரையே தள்ளி வைப்பது வேறொன்று. உங்கள் இரண்டு கண்ணும் தனித்தனியே தெளிவாகத்தான் பார்க்கின்றன. ஒரே இடத்தைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். எந்தக் கண்ணை மூடினாலும் மற்றதில் ஒரே வண்டிதானே தெரிகிறது? ஒரு கண்ணை மூடிய பிறகும் இரண்டாகத் தெரிந்தால் அது கண்புரை, கருவிழிக் கோளாறு போன்ற வேறு கதை. அதற்கு ப்ரிஸம் உதவாது.

அந்த எண்ணுக்கு அர்த்தம் இதுதான்: 1 ப்ரிஸம் என்றால் ஒரு மீட்டர் தூரத்தில் படம் 1 சென்டிமீட்டர் நகரும். உங்களுக்கு இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 8. அதாவது பத்து மீட்டர் தள்ளி வரும் லாரிக்குப் பக்கத்தில் சுமார் 80 சென்டிமீட்டர் விலகி அதன் இரட்டை நிற்கிறது. கண்ணாடி அந்த இரண்டையும் ஒன்றாக்கும். கண்ணாடி வந்ததும் தூரத்து டியூப் லைட்டைப் பாருங்கள். இரண்டு லைட்டும் இன்னும் விலகினால் ப்ரிஸத்தைத் திசை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்; திருப்பிக் கொடுங்கள். உங்களுக்குத் தடித்த பக்கம் காதை நோக்கி இருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும் தசையை இயக்குவது ஆறாவது நரம்பு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வலது கண்ணில் அதுதான் சோர்ந்திருக்கிறது. அதனால் நேரே பார்க்கும்போது ஒரு விலகல், வலப்பக்கம் பார்க்கும்போது அதைவிடப் பெரிய விலகல். கண்ணாடியிலோ ஒரே அளவுதான் இருக்கும். நேர் ரோட்டில் ஒன்றாகத் தெரியும் லாரி, வலப்பக்கம் ஒடிக்கும் கொண்டை ஊசி வளைவில் மறுபடி இரண்டாகும். ஏற்காடு மலைப்பாதையில் இருபது வளைவு. கண்ணாடி போட்டாலும் டாக்டர் சரி என்று சொல்லும் வரை ஜீப் சாவியை வேறு ஒருவரிடம் கொடுங்கள். ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு ஓட்டுகிறேன் என்று கிளம்பாதீர்கள்.

இன்னொன்று, கடையில் லென்ஸிலேயே ப்ரிஸத்தைச் செதுக்க அவசரப்பட வேண்டாம். சர்க்கரையால் நரம்புக்குப் போகும் சின்ன ரத்தக்குழாய் அடைபட்டு வரும் இந்தக் கோளாறு பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாகவே சரியாகும். அதற்குள் 8 என்பது 5 ஆகலாம், பிறகு இல்லாமலே போகலாம். செதுக்கிய கண்ணாடி அப்போது தொந்தரவு. ஃப்ரெனெல் என்ற மெல்லிய ப்ளாஸ்டிக் தாள் இருக்கிறது. இருக்கும் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டலாம், அளவு மாறினால் உரித்து வேறு ஒட்டலாம். கொஞ்சம் மங்கலாக, கோடு கோடாகத் தெரியும். அது போதுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

சொட்டு மருந்தை இன்றே நிறுத்துங்கள். எந்தச் சொட்டு மருந்தும் நரம்பை நேராக்காது. ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் கண் அழுத்தத்தை வேறு ஏற்றிவிடும். எப்போதாவது பறக்கும் பூச்சிக்காக இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம். சர்க்கரைக்காரர் வருஷத்துக்கு ஒருமுறை விழித்திரை பார்க்க வேண்டும், அன்று அதையும் சொல்லுங்கள்.

மூளைக் கட்டி? யூடியூப் டாக்டருக்கு உங்கள் சர்க்கரை அளவு தெரியாது. ஆறு வாரம் கழித்து வரச் சொன்னது சும்மா இல்லை, அந்த எண் இறங்குகிறதா என்று அளக்கத்தான். மூன்று மாதத்திலும் இறங்கவில்லை, அல்லது ஏறுகிறது என்றால் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். முன்னாலேயே எழுதிக் கொடுத்தாலும் எடுத்துவிடுங்கள்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. கண்ணாடி முன் நின்று தினமும் பாருங்கள். ஒரு இமை தொங்குகிறதா, அந்தக் கண்ணின் பாப்பா மற்றதைவிட விரிந்து கிடக்கிறதா? அது ஆறாவது நரம்பல்ல, மூன்றாவது நரம்பு. மூளை ரத்தக்குழாயில் பலூன் போல வீங்கிய இடம் அந்த நரம்பை அழுத்தினால் இப்படி ஆகும், வெடித்தால் உயிருக்கே ஆபத்து. கூடவே இதுவரை இல்லாத கடும் தலைவலி வந்தால் இன்னும் அவசரம். ஆறு வாரம், காலை ஓபி என்றெல்லாம் காத்திருக்காமல், இரவானாலும் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு இறங்கிவிடுங்கள். வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும்.